வடசென்னையில் ஒரு பழைய வீட்டின் வரலாற்றை ஆவணங்களிலிருந்து எழுப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு வரி ரசீதும் ஒரு பத்திரமும்தான் கையில் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

மனையிலிருந்து தொடங்குங்கள், கட்டடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கட்டடம் இடிக்கப்படும், கூட்டப்படும், இரண்டாகப் பிரிக்கப்படும், ஆனால் அது நிற்கும் நிலத்துண்டு எழுத்தில் ஏதோ ஓர் எண்ணோடு தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டால் நூறு ஆண்டுகள் பின்னே போக முடியும்.

பத்திரத்தின் கடைசிப் பகுதியில் உள்ள சொத்து விவரத்தை முதலில் ஒரு தாளில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஜார்ஜ் டவுன், வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பத்திரங்களில் கதவு எண்ணோடு பழைய அளவை எண், மறு அளவை எண், கலெக்டர் சர்டிபிகேட் எண் ஆகியவையும் வருவது வழக்கம். ஓ.எஸ்., ஆர்.எஸ்., சி.சி. என்று சுருக்கியிருப்பார்கள். பெரும்பாலோர் கதவு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் வேலைக்கு ஆவது விடப்பட்ட அந்த எண்கள்தாம். மறு அளவை எண்ணை இன்றைய நகர நில அளவைப் பதிவேட்டின் நகலோடு ஒப்பிட்டு, பரப்பு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். பழைய பத்திரம் ‘கிரவுண்டு’ என்று சொன்னால் அது 2400 சதுர அடி. இன்னும் பழையவற்றில் ‘காணி’ வரும்; சென்னைக் கணக்கில் ஒரு காணி 24 கிரவுண்டு.

எங்கள் வீட்டுக்கு மூன்று கதவு எண்கள் இருக்கின்றன. எந்த எண்ணை வைத்துத் தேடுவது?

எந்த எண்ணையும் தனியாக நம்ப வேண்டாம். சென்னையின் சுவர்களில் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதிவைக்கும் பழக்கத்தை எல்லோரும் அறிவோம். ஆனால் இன்று ‘பழைய எண்’ என்று எழுதியிருப்பதற்கும் முன்னால் வேறொரு பழைய எண் இருந்திருக்கும். ஒரு பெரிய வீடு பாகம் பிரிந்து மூன்றானாலோ, காலி மனையில் புதிதாக ஒரு வீடு எழுந்தாலோ தெருவின் வரிசையே நகர்ந்துவிடும்.

இதில் நான் சறுக்கியதைச் சொன்னால் விளங்கும். பழைய வண்ணாரப்பேட்டையில் கிழக்குப் பார்த்த ஒரு மாடி வீட்டை ஆராய்ந்துகொண்டிருந்தேன். இன்றைக்குப் புதிய எண் 58, பழைய எண் 27. நான் நேராக 1920-களின் அட்டவணையில் 27-ஐத் தேடி, ஒரு பத்திரத்துக்கு நகல் மனு போட்டு வாங்கி, இரண்டு வாரம் அதையே படித்துக்கொண்டிருந்தேன். அதில் மேற்கு எல்லை ‘சந்து’ என்று இருந்தது. ஆராய்ந்த வீட்டின் பின்சுவரோ இன்னொரு வீட்டோடு ஒட்டி நிற்கிறது. அங்கே சந்து இருந்ததற்கான தடமே இல்லை. அப்போதுதான் நான் வேறு வீட்டின் கதையைப் படித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பிறகு 1958-ஆம் ஆண்டு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ‘கதவு எண் 27, முன்பு 14’ என்றும், 1931-ஆம் ஆண்டு அடமானப் பத்திரத்தில் ‘14, முன்பு 9’ என்றும் கண்டேன். ஒரே வீடு, நான்கு எண்கள்.

இப்படி வீட்டை அடையாளப்படுத்தி எழுதுவது எழுத்தரின் விருப்பம் மட்டும் அல்ல. 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, நகரத்து வீடுகள் எந்தத் தெருவின் எந்தப் பக்கத்தில் உள்ளன என்பதையும், இப்போது யார் இருக்கிறார், முன்பு யார் இருந்தார் என்பதையும், எண் இருந்தால் அந்த எண்ணையும் குறிக்கச் சொல்கிறது. ஆகவே ‘தெருவின் மேலண்டைப் பக்கம், இன்னார் குடியிருந்த வீடு’ என்ற வரியை அலங்காரம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

தெருப்பெயரிலும் இதே கவனம் தேவை. பிராட்வே இன்று பிரகாசம் சாலை. பழைய வடக்குக் கடற்கரைச் சாலை இன்று ராஜாஜி சாலை. சாதிப் பின்னொட்டு நீக்கப்பட்ட தெருக்களின் பெயர் பழைய பத்திரத்தில் முழுதாக இருக்கும். ஆங்கிலப் பத்திரங்களிலோ ஒரே தெருவின் பெயரை நான்கு விதமாக எழுதியிருப்பார்கள்.

இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் 1975-க்கு முன்னால் ஒன்றும் வரவில்லை. அதற்கு முன்னால் பதிவே இல்லையா?

பதிவு இருக்கிறது, கணினியில்தான் இல்லை. tnreginet.gov.in தளத்தில் கிடைப்பது கணினியில் ஏற்றப்பட்ட பதிவுகள் மட்டுமே. அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடும்படி மனுக் கொடுக்க வேண்டும். தேடும் ஆண்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் கூடும் என்பதால், எடுத்த எடுப்பிலேயே நூறு ஆண்டுகளுக்கு மனுப் போடுவதைவிட, கையில் உள்ள பத்திரம் தன் முன்பத்திரமாக எதைச் சொல்கிறதோ அந்த ஆண்டைக் குறிவைப்பது நல்லது.

அசையாச் சொத்துகளுக்கான ஆவணங்கள் ‘முதலாம் புத்தகம்’ எனப்படும் தொகுதிகளில் படியெடுக்கப்பட்டிருக்கும். அதற்கு ஆட்களின் பெயர்வழி ஓர் அட்டவணையும் சொத்துவழி ஓர் அட்டவணையும் உண்டு. கட்டணம் செலுத்திய எவரும் இந்தப் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் பார்க்கலாம் என்று சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்கிறது. சொத்துக்கு உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. அலுவலக எல்லைகள் காலப்போக்கில் மாறியிருப்பதால், உங்கள் தெருவின் பழைய தொகுதிகள் இன்றைய அலுவலகத்தில் இல்லாமல் பக்கத்து அலுவலகத்தில் இருக்கக்கூடும். முதல் நாளே இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் அலைச்சல் குறையும்.

வில்லங்கச் சான்றில் ஒரு வரியும் இல்லாத முப்பது ஆண்டுகளைக் கண்டு பயப்பட வேண்டாம். தகப்பனுக்குப் பின் மகன் என்று வாரிசுரிமையாக வந்த சொத்து பதிவில் தடமே விடாமல் இரண்டு தலைமுறை கடந்திருக்கும்.

பத்திரம் நிலத்தைப் பற்றித்தானே பேசுகிறது? கட்டடம் எப்போது எழுந்தது என்று அதிலிருந்து எப்படித் தெரியும்?

நேரடியாகத் தெரியாது, ஆனால் ஒரு சொல்லில் தெரிந்துவிடும். அந்தக் காலத்து எழுத்தர்கள் கட்டடத்தை வகைப்படுத்தாமல் எழுத மாட்டார்கள்: கூரை வீடு, ஓட்டு வீடு, மெத்தை வீடு, மாடியுள்ள மெத்தை வீடு. சென்னைப் பேச்சில் மெத்தை வீடு என்பது தட்டையான தளம் போட்ட வீடு. ஒரு பத்திரத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் இந்தச் சொல் மாறினால், இடைப்பட்ட ஆண்டுகளில் கட்டுமானம் நடந்திருக்கிறது.

மேற்சொன்ன வீட்டையே எடுத்துக்கொள்வோம். அது 1890-களில் கொள்ளுத்தாத்தா கட்டியது என்று குடும்பத்தார் உறுதியாகச் சொன்னார்கள். 1909-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரமோ கொள்ளுத்தாத்தா அந்த ஆண்டுதான் மனையை வாங்கினார் என்றும், அதில் இருந்தது ‘ஓட்டு வீடும் பின்புறம் காலி மனையும்’ என்றும் சொன்னது. 1931-ஆம் ஆண்டு அடமானப் பத்திரம் ‘மாடியுள்ள மெத்தை வீடு’ என்கிறது. ஆக, இன்று நிற்கும் வீடு 1909-க்கும் 1931-க்கும் இடையில் எழுந்தது. இந்த இருபத்திரண்டு ஆண்டு இடைவெளியைச் சுருக்குவதுதான் மீதி ஆராய்ச்சி.

ஆனால் 1909-இன் பத்திரம் இதே மனையைத்தான் பேசுகிறது என்பதற்கு என்ன உறுதி? அங்கேதான் நான்கெல்லை, அதாவது செக்குபந்தி, உதவியது. மூன்று பத்திரங்களிலும் கிழக்கே தெரு; வடக்கே ஒரு சிறிய பிள்ளையார் கோயில் மனை. தெற்கு எல்லையில் மட்டும் ஆள் பெயர் மாறிக்கொண்டே வந்தது. தெற்கு வீட்டின் பத்திரத்தையும் எடுத்துப் பார்த்தேன். அதன் வடக்கு எல்லையாக நம் கொள்ளுத்தாத்தாவின் பெயர் இருந்தது. எதிரெதிர் எல்லைகள் இப்படி ஒன்றையொன்று சொல்லிவிட்டால் அதற்குமேல் ஐயத்துக்கு இடமில்லை. கோயில், குளம், சந்து போன்ற நகராத எல்லை ஒன்றாவது கிடைக்கும்வரை தேடுவதே என் வழக்கம்.

தமிழ் வருடப் பெயரில் ஒரு கண் வேண்டும். சௌமிய வருடம் என்றால் 1909-10 ஆகலாம், அறுபது ஆண்டு முந்தைய 1849-50 ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளையும், வருடப் பெயரோடு எழுதியிருக்கும் ஆங்கிலத் தேதியையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மாநகராட்சியில் என்னென்ன கேட்கலாம்? பழைய கட்டட வரைபடம் கிடைக்குமா?

இரண்டைக் கேளுங்கள்: சொத்து வரி மதிப்பீட்டுப் பதிவேட்டின் பழைய பதிவுகள், கட்டட அனுமதிக் கோப்பு. இருக்கும் ஆவணத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். ‘என் வீடு எப்போது கட்டப்பட்டது’ என்று கேட்டால் பயன் இல்லை. ‘இன்ன டிவிஷன், இன்ன தெரு, இன்ன கதவு எண்ணுக்கான, இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரையிலான மதிப்பீட்டுப் பதிவேட்டுப் பக்கங்களின் நகல்’ என்று கேட்க வேண்டும். டிவிஷன் எண்களும் பலமுறை மாறியவை என்பதால், அந்தந்தக் காலத்து எண்ணைப் பழைய வரி ரசீதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ரசீதுகளை வீட்டுப் பீரோவில் தேடுவதும் ஆராய்ச்சிதான்.

மதிப்பீட்டுப் பதிவேட்டில் தேட வேண்டியது ஆண்டு மதிப்பில் ஒரு திடீர் ஏற்றம். தெரு முழுதுக்கும் மதிப்பு கூடியிருந்தால் அது பொதுவான மறுமதிப்பீடு. உங்கள் வீட்டுக்கு மட்டும் கூடி, முன்னும் பின்னும் உள்ள வீடுகளுக்குக் கூடாமல் இருந்தால் அங்கே ஏதோ கட்டப்பட்டிருக்கிறது. வண்ணாரப்பேட்டை வீட்டுக்கு 1922-இன் பிற்பாதி அரையாண்டில் மதிப்பு ஏறக்குறைய மூன்று மடங்கானது. இருபுறத்து வீடுகளும் அசையவில்லை. அதனால்தான் ஒரு வரியை மட்டும் படியெடுக்காமல், பக்கத்தில் உள்ள பத்து வீடுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

வரைபடம் கிடைத்தால் அதை வண்ணத்தில் படமெடுக்கக் கேளுங்கள். கறுப்பு வெள்ளை நகல் பாதி உண்மையை அழித்துவிடும். அனுமதி வரைபடங்களில் புதிதாகக் கட்டவிருக்கும் பகுதியைச் சிவப்பிலும் இடிக்கவிருக்கும் பகுதியை மஞ்சளிலும் தீட்டுவது மரபு. நகலில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிட, இடிக்கப்பட்ட தாழ்வாரத்தைக் கட்டப்பட்டதாக எண்ணிவிடுவோம். இன்னொன்று: அது விண்ணப்பித்தவர் கட்ட நினைத்ததன் படம். கட்டி முடித்தது அதுதானா என்பதற்கு வரைபடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து, சுவர்ப் பருமனையும் சன்னல்களையும் அளந்துதான் பார்க்க வேண்டும். வண்ணாரப்பேட்டை வீட்டுக்குக் கிடைத்த, பின்னாளைய அனுமதி வரைபடத்தில் பின்கட்டில் ஒரு மாடிப்படி இருந்தது. சுவரில் அதன் தடமே இல்லை. கட்டவே இல்லை.

பழைய நிலவரைபடத்தில் என் வீட்டைக் கண்டுபிடிக்க முடியுமா?

எந்த வரைபடம் என்பதைப் பொறுத்தது. பயணக் கையேடுகளிலும் அட்லஸ்களிலும் வரும் சென்னை வரைபடங்கள் தெருவைக் காட்டுமே தவிர, தனி வீட்டைக் காட்டா. மனை மனையாக அளந்த நகர நில அளவைத் தாள்களில்தான் வீடு தெரியும். அவற்றுக்குச் சேப்பாக்கத்தில் உள்ள நில அளவைத் துறை அலுவலகத்தையும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் நாட வேண்டும்.

பழைய தாளை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்த QGIS போன்ற மென்பொருள் போதும். இரண்டிலும் மாறாமல் இருக்கும் ஐந்தாறு புள்ளிகளைக் குறித்துக்கொடுத்தால், மற்றவற்றை அது இழுத்துப் பொருத்திவிடும். வடசென்னையில் புள்ளி தேர்வதில்தான் பலர் இடறுகிறார்கள். கடற்கரை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறதே என்று அதைப் புள்ளியாக எடுத்துவிடுகிறார்கள். 1870-களின் பிற்பாதியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் எழத் தொடங்கிய பிறகு, தெற்கேயிருந்து வந்த மணல் துறைமுகத்துக்குத் தெற்கே தங்கி மெரினா அகன்றது. மணல் வராமல் போன வடக்கே ராயபுரம், காசிமேடு கரையைக் கடல் அரித்தது. ஆகவே பழைய தாளின் கரைக்கோடும் இன்றைய கரைக்கோடும் ஒன்றல்ல. கரையைப் பிடித்துப் பொருத்தினால் தெருக்கள் எல்லாம் சாய்ந்துபோகும்.

அதற்குப் பதிலாக, 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையக் கட்டடம், 1772-ஆம் ஆண்டின் ஆர்மீனியர் தேவாலயம், பழைய சிறைச்சாலைச் சாலையில் எஞ்சியிருக்கும் கோட்டைச்சுவர்ப் பகுதி, தங்கசாலைத் தெருவின் பழைய சந்திப்புகள் போன்றவற்றை எடுங்கள். அவை உங்கள் வீட்டின் ஒரே பக்கத்தில் குவியாமல் நாற்புறமும் சூழ்ந்திருக்க வேண்டும். புள்ளியாகக் கொடுக்காத ஒரு பழைய கோயிலையோ தெருமுனையையோ சோதனைக்கு வைத்துக்கொண்டு, பொருத்தியபின் அது எத்தனை அடி விலகி நிற்கிறது என்று பாருங்கள். விலகல் உங்கள் வீட்டு முகப்பின் அகலத்தைவிட அதிகமானால், ‘இதுதான் என் வீடு’ என்று சொல்லும் தகுதி அந்தப் பொருத்தத்துக்கு இல்லை. குறுகிய முகப்பும் நீண்ட உடலுமாக ஒட்டி ஒட்டி நிற்கும் ஜார்ஜ் டவுன் வீடுகளில் பதினைந்து அடி தவறினாலே அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம்.

வீட்டில் ஒரு பழைய கல்யாணப் போட்டோ இருக்கிறது, தேதி இல்லை. அது உதவுமா?

உதவும், ஆட்களை விட்டுவிட்டு பின்னணியைப் பார்த்தால். வண்ணாரப்பேட்டை வீட்டின் வாசலில் எடுத்த ஒரு படத்தில் திண்ணைக்கு ஏற மூன்று படிகள் தெரிந்தன. இன்று தெருவிலிருந்து அந்த வாசலுக்குள் ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. வீடு அமிழவில்லை, ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு உயர்ந்திருக்கிறது. இது தெரியாமல் படியை எண்ணி ‘இது வேறு வீடு’ என்று தள்ளிவிடக் கூடாது. தூண்களின் எண்ணிக்கை, அவற்றின் இடைவெளி, சன்னலுக்கு மேல் உள்ள காற்றுத் துளைகளின் வடிவம் ஆகியவையே நம்பத்தக்கவை.

தெரு தெரிந்தால் தலைக்கு மேல் பாருங்கள். டிராம் ஓடிய சாலையில் மின்கம்பியும் தண்டவாளமும் தெரிந்தால் படம் 1895-க்குப் பிந்தையது. டிராம் 1953-இல் நின்றது. தண்டவாளம் மட்டும் தெரிந்து வண்டி தெரியாவிட்டால் பின் எல்லையை அவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலாது. அட்டையின் பின்புறம் ஸ்டுடியோ முத்திரை இருந்தால் ஸ்கேன் செய்யும்போது அதையும் எடுங்கள். படம் இடவலமாகத் திருப்பி அச்சிடப்பட்டிருக்கிறதா என்பதைக் கடைப்பலகை எழுத்தும் ஆண்களின் சட்டைப் பொத்தான் பக்கமும் காட்டிக்கொடுக்கும்.

எம்டன் குண்டு எங்கள் மாடியில் விழுந்தது என்று பாட்டி சொல்வார். எப்படிச் சரிபார்ப்பது?

முதல் உலகப் போரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையைச் சுட்டது 1914 செப்டம்பர் 22 இரவு. முதன்மையான இலக்கு துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகள். அடுத்த சில நாள்களின் செய்தித்தாள்களைப் பார்ப்பதே முதல் வேலை. அந்த ஆண்டில் உங்கள் வீட்டுக்கு மாடி இருந்ததா என்பதைப் பத்திரத்தில் பார்ப்பது இரண்டாவது வேலை. வண்ணாரப்பேட்டைக் குடும்பத்திலும் இதே கதை இருந்தது. 1914-இல் அங்கே இருந்ததோ ஓட்டு வீடு.

ஒரு ஆவணம் ஒன்று சொல்ல, இன்னொன்று வேறு சொன்னால் எதை ஏற்பது?

ஒவ்வொன்றும் எதற்குச் சாட்சி என்று முதலில் கேளுங்கள். பத்திரம் கைமாறிய நாளுக்குச் சாட்சி. அதன் வருணனை முந்தைய பத்திரத்திலிருந்து யோசிக்காமல் படியெடுக்கப்பட்டதாகவும் இருக்கலாம். வரிப் பதிவேடு மதிப்பிட்ட நாளுக்குச் சாட்சி. கட்டி முடித்த நாளிலிருந்து அது பிந்தியிருக்கும். நிலவரைபடம் அளந்த ஆண்டுக்குச் சாட்சி, அச்சிட்ட ஆண்டுக்கு அல்ல. இப்படிப் பார்த்தால் பாதி முரண்கள் மறைந்துவிடும்.

மீதிக்குக் கட்டடத்தையே கேட்க வேண்டும். வண்ணாரப்பேட்டை வீட்டில் பத்திரங்கள் 1909-1931 என்றன, வரிப் பதிவேடு 1922 என்றது. கீழ்த்தளத்தின் கூரை மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, குறுக்கே சாய்த்து, சுண்ணாம்பில் அடுக்கியது. அது எந்த ஆண்டுக்கும் பொருந்தும். ஆனால் முன்கூடத்தின் அகலத்தைத் தாங்கியது ஓர் இரும்பு கர்டர். பெயின்டைச் சுரண்டியதும் அதன் பக்கவாட்டில் டாடா என்ற ஆங்கில எழுத்துகள் புடைத்து நின்றன. டாடா ஆலையில் எஃகு உற்பத்தி தொடங்கியது 1912-இல். எனவே அந்தக் கூடம் அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை. 1922 இயல்பாகப் பொருந்துகிறது. கர்டர் பிற்காலத்தில் மாற்றி வைத்ததாகவும் இருக்கலாமே என்று கேட்கலாம். அதற்காகவே அதன் இரு முனைகளும் சுவருக்குள் போகும் இடத்தில் பூச்சை உரித்துப் பார்த்தேன். சுற்றியிருந்த செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சுவரின் மற்ற பகுதியோடு ஒன்றாகவே இருந்தன, உடைத்துச் செருகிய சிமென்ட் இல்லை.

பதிவு அலுவலகம், மாநகராட்சி இரண்டிலும் தேடியாயிற்று. வேறு எங்காவது கிடைக்குமா?

உயர் நீதிமன்றத்தில் தேடிப் பாருங்கள். சென்னை நகர எல்லைக்குள் இந்துக்கள் 1870 செப்டம்பர் 1 முதல் எழுதிய உயில்களுக்கு, உயில் மெய்யானது என்று நீதிமன்றம் சான்றளிக்கும் புரொபேட் தேவை என்று சட்டம் இருந்ததால், மற்ற ஊர்களில் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே மறைந்துபோகும் உயில்கள் இங்கே நீதிமன்றக் கோப்பில் ஏறியிருக்கின்றன. அவற்றோடு இறந்தவரின் சொத்துப் பட்டியலும் மதிப்பும் இணைந்திருக்கும். வில்லங்கத்தில் வெறுமையாகக் கிடந்த முப்பது ஆண்டுகளுக்குள் ஒரு சாவு விழுந்திருந்தால், அதை நிரப்பக்கூடிய தாள் அங்கேதான் இருக்கும். தேடுவதற்கு வீட்டு எண் உதவாது. இறந்தவரின் பெயரும், அவர் தகப்பனார் பெயரும், இறந்த ஆண்டும் வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் இவை மூன்றும் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும்.